அந்த இதயத்தை நான் பார்க்கவில்லை

அம்மம்மாவின் பிறசர் மெசின் படம் முதன்முதலாக என் போனுக்கு வந்த இரவு, நான் வெள்ளவத்தை அறையில் நூடில்ஸ் அவித்துக்கொண்டிருந்தேன். அனுப்பியது மாமாவின் மகன். ஊரில் அம்மம்மாவோடு இருப்பவன் அவன்தான், ஓஎல் எடுக்கப் போகிறவன். படத்தில் மூன்று வரியில் மூன்று இலக்கங்கள் இருந்தன. மேலே 68, நடுவில் 88, கீழே 121.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் மேலே இருப்பது மேல் பிறசர், நடுவில் இருப்பது கீழ் பிறசர், கடைசி நாடித்துடிப்பு என்பதுதான். மேல் பிறசர் 68 என்றால் ஆள் மயங்கி விழுந்திருக்க வேண்டும். துடிப்பு 121 என்றால் ஓடிவந்த ஆளுக்குரியது. கை நடுங்க உடனே அழைப்பு எடுத்தேன்.

"தம்பி, அம்மம்மாக்கு என்னடா செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. ஆள் நாடகம் பாத்துக்கொண்டிருக்கிறா."

பிறகுதான் விளங்கியது, படம் தலைகீழ். அம்மம்மா மேசைக்கு அந்தப் பக்கம் இருக்க, இவன் இந்தப் பக்கம் நின்று போனை மேசைக்கு மேலே படுக்கையாகப் பிடித்து எடுத்திருக்கிறான். போனைப் படுக்கையாகப் பிடித்தால் எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியாது. ஏதோ ஒரு பக்கத்தை மேலாக வைத்துப் படத்தைச் சேமித்துவிடும். மற்றப் படம் என்றால் பார்த்த உடனேயே தலைகீழ் என்று பிடிபடும். பிறசர் மெசினின் இலக்கங்கள் கல்குலேட்டரில் வருவது போன்ற கோட்டு இலக்கங்கள். அவற்றில் 1, 2, 5, 8, 0 ஆகியவற்றைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே இலக்கம்தான். 6 தலைகீழானால் 9, 9 தலைகீழானால் 6. அன்றைக்கு மெசின் உண்மையில் காட்டியது 121, 88, 89. கீழ் வரியில் இருந்த 89 தலைகீழாகி மேல் வரியில் 68 ஆகிவிட்டது. 88 அப்படியே 88. மேல் வரியின் 121 கீழே வந்து நாடித்துடிப்பு ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் ஒரேயொரு விசயத்தைக் கவனித்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும் நேரத்தில் இரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம்தான் மேல் இலக்கம், மெசினில் SYS என்று போட்டிருக்கும். இதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு நிரம்பும் நேரத்து அழுத்தம் DIA. தள்ளும் நேரத்து அழுத்தம் ஓய்வு நேரத்து அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. ஆகவே மேலே 68, அதற்குக் கீழே 88 என்று வந்தால் அது அம்மம்மாவின் வருத்தம் இல்லை, படத்தின் வருத்தம். PUL என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது. பல மெசின்களில் அந்த வரி மற்ற இரண்டையும்விடச் சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன இலக்கம் மேலே வந்திருந்தாலும் படம் தலைகீழ்தான்.

அன்றிலிருந்து தம்பிக்கு ஒரு சட்டம் போட்டேன். இலக்கத்தை மட்டும் கிட்டப் போய் எடுக்காதே, SYS, DIA, PUL என்ற எழுத்துகள், மூலையில் இருக்கும் திகதி, நேரம், சின்னங்கள் எல்லாம் தெரியிற மாதிரி முழு மெசினையும் எடு. பிளாஷ் போடாதே. நேர் மேலே நின்று எடு. சரிவாக நின்று எடுத்தால் அந்தத் திரையில் ஒரு கோடு மங்கி 8 என்பது 6 ஆகவோ 9 ஆகவோ தெரியும். பிளாஷ் வெளிச்சம் விழுந்தால் முன்னால் நிற்கும் 1 காணாமலே போய், 158 என்பது 58 ஆகிவிடும்.

அம்மம்மாவுக்கு 74 வயது. பிறசருக்குக் கனகாலமாகக் குளிசை போடுகிறா. கிளினிக்குக்கு மாதம் ஒருக்கா போவா. மெசின், கனடாவில் இருக்கும் சித்தப்பா வந்தபோது கொண்டு வந்தது. கிளினிக் டொக்டர் வீட்டிலும் அளந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னதால்தான் இந்தப் படம் அனுப்பும் வேலை தொடங்கியது. காலையில் குளிசை போட முதல் ஒன்று, இரவு சாப்பாட்டுக்கு முதல் ஒன்று. நான் அதைக் கொப்பியில் எழுதுவேன்.

ஒரு வாரம் போனதும் இலக்கங்கள் எனக்குப் பழகிவிட்டன. 134/82, துடிப்பு 72. 131/80, துடிப்பு 71. வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதுதான் எல்லை, கிளினிக்கில் அளந்தால் 140/90. வீட்டில் ஆள் பதற்றமில்லாமல் இருப்பதால் வீட்டு எல்லை கொஞ்சம் குறைவு. அம்மம்மா எல்லைக்குள்தான் நின்றா. நானும் படத்தைத் திறப்பது, இரண்டு இலக்கத்தைப் பார்ப்பது, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவது, மூடுவது என்று ஆகிவிட்டேன்.

ஒருநாள் முந்தின இரவும் அன்று காலையும் மூன்று இலக்கங்களும் அச்சொட்டாக ஒன்றாக வந்தன. இரண்டு தடவை அளந்து மூன்றும் ஒன்றாக வருவது அருமை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் மூலையில் M என்ற ஒரு சின்ன எழுத்து. நினைவில் சேமித்து வைத்த பழைய அளவைக் காட்டுகிறேன் என்று மெசின் சொல்கிறது. கேட்டபோது அம்மம்மா சிரித்தா. "கை நோகுது பிள்ளை. உந்தப் பட்டனை அமத்தினா நேற்றையான் வருது. அதைத்தான் எடுக்கச் சொன்னனான்."

இதைச் சொல்லி அறைத் தோழிகளோடு நல்லாச் சிரித்தேன். M என்ற எழுத்தைக் கண்டுபிடித்த எனக்கு, அதற்குப் பக்கத்தில் சில நாட்களாக வந்துகொண்டிருந்த இன்னொரு சின்னம் கண்ணில் படவே இல்லை.

மெசினுக்கு பற்றறி மாற்றிய பிறகுதான் அது தெரிய வந்தது. பற்றறி மாற்றினதும் அதன் மணிக்கூடு தை முதலாம் திகதிக்குப் போய்விட்டது. நேரத்தைச் சரிசெய்யும் பக்கத்தைக் கையேட்டில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தம்பி நாலு பக்கத்தை அனுப்பினான். அதில் ஒரு பக்கம் சின்னங்களின் அட்டவணை. அட்டவணையில் இதயம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வெறும் இதயம். துடிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வது, அளக்கும்போது மின்னி மின்னி வருவது. மற்றது இதயத்தின் இரண்டு பக்கமும் நெளிந்த கோடு போட்டது. அதற்கு நேரே ஒழுங்கற்ற இதயத்துடிப்பு என்று எழுதியிருந்தது.

படங்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் திறந்தேன். இருபத்துமூன்று படங்கள். ஆறு படங்களில் நெளிகோட்டு இதயம் இருந்தது. ஆறும் கடைசி ஒன்பது நாட்களுக்குள். முதலாவது வந்த படத்துக்குக் கீழே தம்பி ஒரு கேள்வி எழுதியிருந்தான். "அக்கா இந்த இதயம் ஏன் ஒருமாதிரி இருக்கு?" அதற்குக் கீழே என் பதில். "அது எப்பவும் வாறதுதானேடா." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பதினாறு வயதுப் பெடியன் கண்டுபிடித்ததை, ஒன்றும் தெரியாமல் தெரிந்தவள் மாதிரி நான் மூடிவிட்டேன்.

சரி, அந்தச் சின்னம் உண்மையில் என்ன சொல்கிறது? அதை விளங்க மெசின் எப்படி அளக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். டொக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது போல இந்த மெசின் சத்தத்தைக் கேட்பதில்லை. கையில் சுற்றிய பட்டியில் காற்றை நிரப்பி இரத்தக்குழாயை அமத்துகிறது. ஒவ்வொரு துடிப்பும் அந்தப் பட்டியின் காற்றைச் சின்னதாக அதிரவைக்கும். பட்டியின் அழுத்தம் மாற மாற அந்த அதிர்வுகள் சின்னதாகத் தொடங்கிப் பெருத்து, பிறகு சிறுக்கும். எந்த அழுத்தத்தில் அதிர்வு மிகப் பெரிதாக இருந்தது என்று பார்த்து, அதிலிருந்து தன் கணக்குப்படி மேல் இலக்கத்தையும் கீழ் இலக்கத்தையும் எடுக்கிறது. நாடித்துடிப்பும் அப்படித்தான், கையில் வந்த அதிர்வுகளை எண்ணிச் சொல்வது.

ஒரு அதிர்வுக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். அம்மம்மாவின் மெசினின் கையேட்டின்படி, அந்த இடைவெளி சராசரியிலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் கூடியோ குறைந்தோ ஒரே அளவெடுப்பில் இரண்டு தடவையாவது வந்தால் சின்னம் விழும். துடிப்பு நிமிடத்துக்கு 75 என்று வைப்போம். சராசரி இடைவெளி 0.8 செக்கன். ஒரு துடிப்பு 0.6 செக்கனுக்கு முந்தி அவசரப்பட்டு வந்தாலோ, ஒரு செக்கனுக்கும் பிந்தி வந்தாலோ அது ஒரு தடவை. இரண்டாம் தடவையும் நடந்தால் நெளிகோட்டு இதயம். மற்றக் கொம்பனிகளின் மெசின்களில் சின்னமும் கணக்கும் வேறாக இருக்கலாம், சிலவற்றில் உடைந்த இதயம் போல இருக்கும். ஆகவே உங்கள் வீட்டு மெசினின் கையேட்டில் அந்தப் பக்கத்தை ஒருக்கா பாருங்கள்.

மெசின் இவ்வளவுதான் சொல்கிறது. இடைவெளி ஒழுங்கில்லை. ஏன் என்று அதற்குத் தெரியாது. இதை விளங்க அறைத் தோழியின் மெசினை வாங்கி என் கையிலேயே சுற்றிப் பார்த்தேன். அளக்கும்போது போனில் கதைத்துக் கையை ஆட்டினேன், சின்னம் வந்தது. கையின் அசைவும் பட்டியை அதிரவைக்கும், மெசின் அதையும் துடிப்போடு போட்டுக் குழப்பிக்கொள்ளும். பிறகு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து மூன்று தடவை அளந்தேன், ஒரு தடவையும் வரவில்லை. இன்னொன்று, நல்ல இதயமும் இடைக்கிடை ஒரு துடிப்பை முந்தி அடிக்கும், அதில் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதனால் ஒருக்கா சின்னம் வந்ததற்காக ஆரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஒழுங்காக அளந்தும் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த நாள் பின்னேரம் தம்பியை வீடியோவில் எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அம்மம்மா சலம் கழித்துவிட்டு வந்து, சாய்மனை உள்ள கதிரையில் முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி இருந்தா. தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலத்துக்கு மேல். பட்டி சட்டைக்கு மேலே இல்லை, வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை நெஞ்சு மட்டத்தில் இருக்க மேசையில் ஒரு தலையணை. ஐந்து நிமிடம் ஆறுதல். அளக்கும்போது கதை இல்லை, இதுதான் அம்மம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவை அளந்தோம்.

முதலாவது 148/86, துடிப்பு 74. இரண்டாவது 129/91, துடிப்பு 97. மூன்றாவது 141/78, துடிப்பு 82. மூன்றிலும் நெளிகோட்டு இதயம்.

இலக்கங்களைப் பாருங்கள். முந்தின வாரம் இரண்டு தடவை அளந்தால் இரண்டு மூன்று புள்ளிதான் வித்தியாசம். இன்றைக்கு அசையாமல் இருந்த ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் 19 புள்ளி குறைகிறது, துடிப்பு 74 இலிருந்து 97 க்குப் பாய்கிறது. மெசின் பழுது என்று மாமி சொன்னா. பழுது இல்லை. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒரு துடிப்பு பெரிதாக வரும், அடுத்தது சின்னதாக வரும். துடிப்பு சீராக வரும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடும் மெசின், எந்தத் துடிப்பு எந்த நேரத்தில் மாட்டுகிறதோ அதற்கேற்ப வேறு வேறு விடை சொல்லும். இப்படியான நேரத்தில் ஒரு இலக்கத்தை நம்பக்கூடாது, மூன்றின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும். அம்மம்மாவின் மூன்றையும் கூட்டிப் பிரித்தால் 139/85. எல்லையை மட்டுமட்டாகத் தாண்டிய அளவு. அதாவது பிறசர் அன்றைக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. இலக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருத்தி அன்றும் கட்டைவிரல்தான் அனுப்பியிருப்பாள்.

பிறகு மெசினை மூடிவைத்துவிட்டு தம்பியிடம் அம்மம்மாவின் நாடியைப் பிடிக்கச் சொன்னேன். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பிடிப்பது. ஒழுங்கில்லாத நாடியைப் பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கக்கூடாது, முழு நிமிடமும் எண்ண வேண்டும். எண்ணும்போதே ஒவ்வொரு துடிப்புக்கும் மற்றக் கையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டச் சொன்னேன். நான் கொழும்பில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டக். டக் டக். டக். கொஞ்சம் நேரம் ஒன்றுமில்லை. டக். டக் டக் டக். டக்.

எனக்கு மிருதங்கம் தெரியாது. ஆனால் அதில் தாளம் இல்லை என்று தெரிந்தது. இடைக்கிடை ஒரு துடிப்புத் தவறி, பிறகு பழைய ஒழுங்குக்கே வந்தால் அது வேறு. இதில் திரும்பி வருவதற்கு ஒரு ஒழுங்கே இல்லை. தம்பி 94 என்று எண்ணினான். "உங்களுக்கு ஏதும் செய்யுதா அம்மம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை பிள்ளை. படியேறினாக் கொஞ்சம் களைக்குது. பின்னேரத்தில நெஞ்சுக்குள்ள புறா அடிக்கிற மாதிரி இருக்கும். வயசுக்கு வாறதுதானே."

எப்பவும் வாறதுதானே. நான் எழுதிய அதே பதில்.

அடுத்த நாள் காலை மாமா ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓபிடியில் ஈசிஜி எடுத்தார்கள். ஈசிஜி நோமல். மாமா எனக்குச் சந்தோசமாகச் சொன்னார். எனக்கும் பெரிய ஆறுதல். ஆனால் அந்த டொக்டர் அத்தோடு விடவில்லை. தம்பியின் போனை வாங்கி, நாங்கள் எடுத்த படங்களைத் திகதி, நேரத்தோடு பார்த்திருக்கிறா. மெசினின் மணிக்கூடு பிழையாக இருந்த படங்களுக்குப் போனில் பதிந்த நேரத்தை எடுத்தா. சின்னம் வந்தவற்றில் பெரும்பாலானவை பின்னேரத்துக்குப் பிறகு எடுத்தவை. காலையில் எடுத்தவை சுத்தம். சாதாரண ஈசிஜி தாளில் பதிவது ஏறத்தாழ பத்து செக்கன்தான். வந்து வந்து போகும் ஒரு விசயம் அந்தப் பத்து செக்கனுக்குள் வராவிட்டால் தாளிலும் வராது. "வரேக்க வாங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறா. சின்னம் வந்து, நாடியும் தாறுமாறாக இருந்தால் எந்த நேரம் என்றாலும் உடனே வரச் சொல்லி.

மூன்றாம் நாள் பின்னேரம் ஐந்தரைக்கு தம்பி அழைப்பு எடுத்தான். சின்னம் வந்திருக்கு, நாடியும் அப்படித்தான் அடிக்கிறது. ஆறு மணிக்கு முதல் ஆஸ்பத்திரியில் நின்றார்கள். இந்தத் தடவை தாளில் விழுந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருப்பது. அந்த நடுக்கத்திலிருந்து தாறுமாறாகக் கீழே வரும் கட்டளைக்கு ஏற்றபடி கீழறைகள் அடிக்கின்றன. ஈசிஜியில் ஒவ்வொரு பெரிய கூருக்கும் முதல் வரவேண்டிய சின்ன மேடு இல்லை, கூர்களுக்கு இடையில் தூரம் ஒன்றுக்கொன்று வேறு.

அன்று டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எண்ணியபோது துடிப்பு 118. அதே நேரம் மணிக்கட்டில் எண்ணியபோது 96. தம்பி தான் பிழையாக எண்ணிவிட்டதாகப் பயந்து கேட்டிருக்கிறான். பிழை இல்லை. மிக அவசரமாக வரும் துடிப்புக்கு முதல் இதயத்துக்கு நிரம்ப நேரம் கிடைப்பதில்லை, அது தள்ளும் கொஞ்ச இரத்தத்தின் அலை கைக்கு வந்து சேராது. நெஞ்சில் கேட்கும், கையில் தெரியாது. மெசின் எண்ணுவதும் கையில் வந்து சேர்ந்த அலைகளைத்தான். ஆகவே நெளிகோட்டு இதயம் இருக்கும் படத்தில் PUL வரியில் இருப்பது இதயம் அடித்த கணக்கு இல்லை. உண்மைத் துடிப்பு அதைவிடக் கூடவாக இருக்கலாம்.

இந்த நடுக்கத்தால் உடனே ஆள் சாவதில்லை. ஆனால் ஒழுங்காகச் சுருங்காத அறையில் இரத்தம் தேங்கும், தேங்கிய இடத்தில் கட்டி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அம்மம்மாவுக்கு வயதும் பிறசரும் இருப்பதால் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கினார்கள், துடிப்பின் வேகத்தைக் குறைக்க இன்னொரு குளிசை. அம்மம்மாவுக்குக் கொடுத்தது வாஃபரின். அதன் அளவு சரியா என்று பார்க்க ஐஎன்ஆர் என்ற இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போக வேண்டும். கீரை மருந்தோடு மல்லுக்கட்டும் என்று சொன்னதும் அம்மம்மா வல்லாரைச் சம்பலை நினைத்துக் கவலைப்பட்டா. விடத் தேவையில்லை, ஒருநாள் ஒரு சட்டி, பிறகு பத்து நாள் ஒன்றுமில்லை என்று இல்லாமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள்.

அம்மம்மா இப்போது நல்லா இருக்கிறா. ஆனால் அந்த ஒன்பது நாட்களை நான் மறக்கவில்லை. அந்த ஒன்பது நாளில் ஒரு கட்டி கிளம்பியிருந்தால், என் போனில் அதற்கு ஆறு சாட்சிப் படங்களும் அவற்றுக்குக் கீழே என் கட்டைவிரலும் இருந்திருக்கும்.

எங்களில் கனபேர் இப்போது இப்படித்தான். நாங்கள் கொழும்பிலோ கட்டாரிலோ, ஊரில் இருக்கும் வயதான ஆட்களின் மெசின் எங்கள் போனில். அதனால் நான் இப்போது ஒரு படத்தை எப்படி வாசிக்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். முதலில் எழுத்துகள் நிமிர்ந்து நிற்கின்றனவா, SYS என்பது DIA ஐவிடப் பெரிதா என்று பார்ப்பேன். பிறகு திகதியும் நேரமும் இன்றையதா, M இருக்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது சின்னங்கள். அவற்றைப் பார்த்த பிறகுதான் இலக்கங்களைக் கொப்பியில் எழுதுவேன். நெளிகோட்டு இதயம் இருந்தால் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து இன்னும் இரண்டு தடவை அளக்கச் சொல்வேன், நாடியை ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்வேன். திரும்பவும் வந்தால் ஈசிஜி, படங்களையும் கொண்டுபோக வேண்டும். சின்னம் வராததை வைத்து ஒன்றுமில்லை என்றும் முடிவெடுக்க மாட்டேன், மெசின் பார்ப்பது அந்த ஒரு நிமிடத்தை மட்டும்தான். நெஞ்சு நோ, மூச்சு எடுக்கக் கஷ்டம், மயக்கம், வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று இருந்தால் படமும் வேண்டாம், இரண்டாம் தடவை அளக்கவும் வேண்டாம். 1990 க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

நேற்றிரவும் படம் வந்தது. 128/79, துடிப்பு 68, இதயம் வெறும் இதயம். கீழே தம்பி எழுதியிருந்தான், "அக்கா, பெருப்பிச்சுப் பாத்தனீங்களோ?"

பெருப்பித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினேன்.